30 வெள்ளியில் ஒரு வார சைவ இரவு உணவு: எதை முதலில் சமைப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஈரச்சந்தையில் ஆசையாக வாங்கிய கங்கோங் கீரை. புதன்கிழமை ஃபிரிட்ஜைத் திறந்தால், பைக்குள் கறுத்து, கொழகொழவென்று கிடக்கிறது. நேராகக் குப்பைக்கு.

வீட்டில் சமைத்தால் காசு மிச்சம் என்பார்கள். பாதி காய்கறி இப்படிப் போனால், சாப்பாட்டுக் கடையே மலிவு என்று தோன்றும். தோன்றுவது நியாயமும்கூட.

பலரும் திட்டம் போடத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் திட்டம் "இந்த வாரம் என்ன சாப்பிட ஆசை?" என்ற கேள்வியில் தொடங்குகிறது. "எது முதலில் கெட்டுப்போகும்?" என்று தொடங்கினால் கணக்கே மாறிவிடும்.

இரண்டு பேர், ஏழு இரவு, 30 வெள்ளி. இதை வைத்து ஒரு வாரத்தைப் போட்டுப் பார்ப்போம்.

பையில் என்ன இருக்கும்?

அரிசி, எண்ணெய், புளி, மசாலாப் பொடி எல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இல்லையென்றால் முதல் வாரச் செலவு கூடத்தான் செய்யும். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்ட சுமாரான விலைகள். கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும்.

முதலில் புரதம். துவரம்பருப்பு அரைக் கிலோ, கொண்டைக்கடலை அரைக் கிலோ, கெட்டியான தவ்வு ஒரு பொட்டலம், தெம்பே ஒரு பொட்டலம். நான்கும் சேர்த்து ஏறக்குறைய 6 வெள்ளி 90 காசு.

அடுத்து காய்கறி. கங்கோங் ஒரு கட்டு, தண்டுக்கீரை ஒரு கட்டு, பயற்றங்காய் 300 கிராம், சின்ன முட்டைக்கோஸ் ஒன்று, கேரட் அரைக் கிலோ, மஞ்சள் பூசணித் துண்டு அரைக் கிலோ, தக்காளி 600 கிராம், வெங்காயம் ஒரு கிலோ, உருளைக்கிழங்கு அரைக் கிலோ. இதற்குச் சுமார் 13 வெள்ளி 90 காசு.

மிச்சம் தயிர் அரைக் கிலோ, நாலு எலுமிச்சை, இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் கறிவேப்பிலை, ஒரு பொட்டலம் பீஹூன். இது 7 வெள்ளி 50 காசு.

மொத்தம் 28 வெள்ளி 30 காசு. மீதி உள்ள 1 வெள்ளி 70 காசுக்கு வாழைப்பழம் வாங்கலாம். 14 தட்டுக்கு வகுத்தால் ஒரு தட்டு 2 வெள்ளி 15 காசுக்குள் வருகிறது.

பட்டியலில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஏழு நாளுக்கு ஏழு விதமான சமையல், ஆனால் காய் வகை ஏழைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முட்டைக்கோஸ் மூன்று நாள் வருகிறது, பூசணி இரண்டு நாள், கேரட் மூன்று நாள். ஒரு நாளுக்கு மட்டும் தேவைப்படும் பொருளை வாங்கினால் அதன் மிச்சம்தான் ஃபிரிட்ஜின் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொத்தமல்லிக் கட்டு இதற்கு நல்ல உதாரணம். நாலு தண்டுக்காக ஒரு கட்டு வாங்குகிறோம். மீதியை யாரும் தொடுவதே இல்லை.

எந்த நாள் எதைச் சமைப்பது?

நம்ம ஊர் வெக்கையில் கீரைக்கு ஆயுள் குறைவு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு, மூன்று நாள்தான் நன்றாக இருக்கும். பயற்றங்காய் இன்னும் ஓரிரு நாள் தாங்கும். வெட்டிய பூசணி, விதையும் நாரும் எடுத்திருந்தால், நாலைந்து நாள். முட்டைக்கோஸும் கேரட்டும் இரண்டு வாரம்கூட இருக்கும். இந்த வரிசைதான் நம் அட்டவணை.

ஞாயிறு: தண்டுக்கீரைப் பருப்புக் கூட்டு, சோறு, தயிர். கால் கிலோ துவரம்பருப்பை மொத்தமாகக் குக்கரில் வேகவைத்துவிடுங்கள். பாதி கூட்டுக்கு. மீதி பாதி, உப்பு புளி எதுவும் சேர்க்காமல், மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜுக்குப் போகிறது.

திங்கள்: கங்கோங், பூண்டு, பச்சைமிளகாய் போட்டுப் பெரிய தீயில் வதக்கியது. கூடவே தவ்வைத் துண்டு போட்டு எண்ணெயில் பொன்னிறமாக வாட்டிக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வேலைக்குப் போய்த் திரும்பும் முதல் நாளுக்கு அதுதான் சரி. ஒரு எச்சரிக்கை: கடையில் விற்கும் சம்பால் பாட்டில்களில் பெரும்பாலும் பெலாச்சான் இருக்கும். அது இறால் விழுது. சைவமென்றால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

செவ்வாய்: ஞாயிறு வேகவைத்த பருப்பு இன்று சாம்பார். பாதிப் பூசணியைப் போடுங்கள். பயற்றங்காய் பொரியல். பருப்பு ஏற்கெனவே தயார் என்பதால் சாம்பார் அரை மணி நேர வேலைதான். அன்று இரவே 300 கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். இங்கே ஒரு சின்ன விஷயம். நம் சமையலறைச் சூட்டில் அடுத்த நாள் மாலைவரை வெளியில் ஊறினால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். காலையில் எழுந்ததும் தண்ணீரை மாற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.

புதன்: கடலை முழுவதையும் வேகவைத்து, பாதியில் உருளைக்கிழங்கு, தக்காளி சேர்த்துக் குழம்பு. பக்கத்தில் துருவிய கேரட்டில் எலுமிச்சை பிழிந்து பச்சையாக. மீதிக் கடலையைத் தண்ணீர் வடித்து, ஆறவைத்து, உறைபெட்டிக்கு அனுப்புங்கள்.

வியாழன்: தெம்பே, முட்டைக்கோஸ், கேரட் போட்டுப் பீஹூன் பிரட்டல். பொட்டலத்தில் பாதிப் பீஹூன் இரண்டு பேருக்குப் போதும்.

வெள்ளி: இதுதான் எனக்குப் பிடித்த நாள். ஞாயிறு திறந்த தயிர் இதற்குள் புளித்திருக்கும். "ஐயோ, புளிச்சுப்போச்சு" என்று ஊற்றிவிடாதீர்கள். மோர்க்குழம்புக்குப் புளித்த தயிர்தான் வேண்டும். ஊறவைத்த துவரம்பருப்பு ஒரு கரண்டி, சீரகம், பச்சைமிளகாய், இஞ்சி. இதை அரைத்துத் தயிரில் கலக்கி, தனியாக வேகவைத்த மீதிப் பூசணியோடு சேர்த்துச் சிறுதீயில் வைக்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். தேங்காய் இல்லாமலே நன்றாக வரும். துருவிய தேங்காய் பொட்டலம் வாங்கினால் அதன் மிச்சத்தை என்ன செய்வது என்று அடுத்த கவலை. குழம்புக்குத் துணையாக முட்டைக்கோஸ் பருப்பு உசிலி. 100 கிராம் துவரம்பருப்பை ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து, மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, வதக்கிய முட்டைக்கோஸில் சேர்ப்பது.

சனி: உறைபெட்டிக் கடலை, மிச்ச முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் போட்டு ஒரே பானையில் மசாலா சோறு.

நடுவில் வெளியே சாப்பிட வேண்டி வந்தால்?

வரும். "இன்னிக்கு வெளிய போய் மக்கான் பண்ணலாமா?" என்று ஒரு செய்தி வந்தால் போதும், திட்டம் கலைந்துவிடும். பெரும்பாலான வாரத் திட்டங்கள் தோற்பது இங்கேதான். சமைக்கத் தெரியாததால் இல்லை. ஏழு நாளும் வீட்டில் இருப்போம் என்று நம்பியதால்.

சனிக்கிழமையைக் கவனியுங்கள். அன்று தேவைப்படும் எதுவும் அவசரப்பட்டுக் கெடுகிற பொருள் இல்லை. தக்காளி மட்டும் கொஞ்சம் பழுத்திருக்கும், அவ்வளவுதான். அதனால் வாரத்தில் ஒரு நாள் வெளியே போனால், அந்த நாள் சமையலை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போகட்டும். வாரக் கடைசியில் சனிக்கிழமைச் சோறு அடுத்த வாரத்துக்குப் போய்விடும். கடலை உறைபெட்டியில் சும்மா இருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. திங்களன்று வெளியே போனால், கங்கோங் செவ்வாய்வரை தாங்கும். தவ்வும் பொட்டலம் பிரிக்காதவரை பிரச்சினையில்லை. ஆனால் ஞாயிறு வேகவைத்த பருப்பு புதனுக்குத் தள்ளிப்போகும். மூன்று நாள் ஃபிரிட்ஜில் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து வெளியே என்று முன்கூட்டியே தெரிந்தால், பருப்பை உறைபெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

சத்து கணக்கு சரியாக வருதா?

"வெறும் பருப்பும் கீரையும், புரதம் எங்கே?" என்று சைவம் சாப்பிடுபவர்களிடம் கேட்காத ஆள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 48 கிராம் புரதம் தேவை. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற பொதுவான அளவில் வருவது இது. மூன்று வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு 16 கிராம்.

ஞாயிறு கூட்டில் ஒருவருக்கு 60 கிராம் சொச்சம் காய்ந்த பருப்பு போகிறது. அதில் ஏறக்குறைய 13 கிராம் புரதம். சோற்றில் நாலைந்து கிராம், தயிரில் மூன்று கிராம். தேவையைத் தாண்டிவிட்டது. பருப்பில் குறைவாக உள்ள அமினோ அமிலம் சோற்றில் இருக்கிறது, சோற்றில் குறைவானது பருப்பில் இருக்கிறது. நம் வீட்டுச் சாம்பார் சோறு அந்த வகையில் நல்ல ஜோடி.

தவ்வு, கடலை, தெம்பே வரும் நாள்களிலும் இதே அளவு கிடைத்துவிடும். கவனிக்க வேண்டியது வெள்ளிக்கிழமை. உசிலியை விட்டுவிட்டு மோர்க்குழம்பு மட்டும் வைத்தால் புரதம் குறைந்துபோகும். அதனால்தான் அந்த 100 கிராம் பருப்பு.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'என் ஆரோக்கியத் தட்டு' வழிகாட்டி, தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரத உணவு என்று சொல்கிறது. நம் பையில் வெங்காயம், உருளைக்கிழங்கைத் தவிர்த்து 3 கிலோவுக்கு மேல் காய்கறி இருக்கிறது. ஒரு தட்டுக்கு 220 கிராம் சொச்சம். உருளைக்கிழங்கு இதில் சேராது. அது சோற்றுக் கணக்கு. சோற்றில் பாதியாவது கைக்குத்தல் அரிசியாக மாற்ற முடிந்தால் நல்லது. அதற்குத் தண்ணீரும் நேரமும் கூடத் தேவை.

இரும்புச்சத்தில்தான் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். பட்டியலில் நாலு எலுமிச்சை இருப்பது அதற்காகத்தான். கூட்டையோ குழம்பையோ இறக்கிய பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் வீணாகும். சாப்பிட்ட கையோடு ஒரு தே குடிக்கிற பழக்கம் இருந்தால், ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். தேயிலையில் உள்ள டானின் இரும்பைத் தடுக்கும்.

பி12 வைட்டமின் இந்தத் திட்டத்தில் தயிரிலிருந்து மட்டுமே வருகிறது, அதுவும் போதாது. மற்ற வேளைகளில் பால் சேர்த்துக்கொள்ள வேண்டும். பால் தயிரும் தொடாதவர்கள் பி12 சேர்த்த சோயா பாலோ மாத்திரையோ எடுக்க வேண்டியிருக்கும். தெம்பேயில் பி12 இருக்கிறது என்று சொல்வார்கள். அதை நம்பி இருக்க முடியாது.

கெட்டுப்போகாமல் வைப்பது எப்படி?

கீரையை வாங்கி வந்ததும் கழுவாதீர்கள். ஈரம்தான் அதற்கு எதிரி. கட்டை அவிழ்த்து, அழுகிய இலையை எடுத்துவிட்டு, காகிதத்தில் சுற்றி, பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம்.

பூசணியில் பூஞ்சை முதலில் பிடிப்பது விதையைச் சுற்றியுள்ள நாரில். வீட்டுக்கு வந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஃபிரிட்ஜுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், ஆனால் தனித்தனியாக. ஒரே கூடையில் இருந்தால் உருளைக்கிழங்கு சீக்கிரம் முளைவிடும். தோல் பச்சையாக மாறிய கிழங்கைச் சாப்பிட வேண்டாம்.

கறிவேப்பிலையை உருவி உறைபெட்டியில் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் வரும். நிறம் மங்கும், வாசனை ஓரளவு நிற்கும்.

தயிரை எப்போதும் காய்ந்த, சுத்தமான கரண்டியால் எடுங்கள். புளிப்பது வேறு, கெடுவது வேறு. புளிப்பு வாசம் சரி. பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதாவது படர்ந்திருந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

தெம்பே பலரைக் குழப்பும். மேலே சாம்பல், கறுப்புப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம். அது தெம்பேயை உருவாக்கும் பூஞ்சையின் வித்துகள். இளஞ்சிவப்பு நிறம், கொழகொழப்பு, மூக்கைத் துளைக்கும் அமோனியா வாசம் இருந்தால்தான் தூக்கிப்போட வேண்டும். தவ்வு வழவழத்து, புளித்த வாசம் வந்தால் அதோடு சரி. வேகவைத்த பருப்பின் மேலே சின்னச் சின்னக் குமிழி தெரிந்தாலும் அப்படித்தான்.

மிச்சச் சோறு ஆபத்தா?

வைத்த விதத்தைப் பொறுத்தது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநிலையிலும் சாகாது. சமைத்த சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "நல்லா சூடு பண்ணிட்டேன், ஒண்ணும் ஆகாது" என்பது இங்கே செல்லாது.

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சோறோ குழம்போ, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். பெரிய பானையோடு வைத்தால் நடுப்பகுதி ஆற நேரமாகும். தட்டையான டப்பாக்களில் பரப்பி வையுங்கள். அடுத்த நாள் ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே முறையில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

இரவு பதினோரு மணிக்குச் சமைத்துவிட்டு "காலையில எடுத்து வைக்கலாம்" என்று படுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படி இரவு முழுதும் வெளியே இருந்த சோற்றைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். அளந்து சமைப்பதே மேல். ஒருவருக்கு 75 கிராம் அரிசி, அதாவது ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் பாதி.

எங்கே காசு நழுவுகிறது?

"இரண்டு வாங்கினால் மலிவு" என்ற அட்டையில். ஒரு கட்டு கங்கோங் 1 வெள்ளி 30 காசு, இரண்டு கட்டு 2 வெள்ளி என்றால் கை தானாக நீளும். திட்டத்தில் ஒரு கட்டுக்குத்தான் இடம் இருக்கிறது. இரண்டாவது கட்டு வாடிப்போனால் 70 காசு கூடக் கொடுத்துக் குப்பை வாங்கியதாக அர்த்தம். துவரம்பருப்பு, கடலை, பீஹூனுக்கு அந்தச் சலுகை வந்தால் மட்டும் தயங்காமல் எடுங்கள்.

இந்தப் பையிலிருந்து ஒரு கட்டுக் கீரை, பாதித் தயிர், கால்வாசி முட்டைக்கோஸ் வீணானால் 3 வெள்ளி 40 காசு போகிறது. பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

சந்தையில் நேரம் பார்த்துப் போவதும் உதவும். ஈரச்சந்தைகளில் மூடும் நேரத்தை ஒட்டி விலை குறைவதுண்டு. அப்போது வாங்கும் கீரையை அன்றே சமைக்க வேண்டும், அடுத்த நாளுக்கு நிற்காது.

சனிக்கிழமை சமையல் முடிந்ததும், அடுத்த பட்டியல் எழுதும் முன், ஃபிரிட்ஜையும் அலமாரியையும் திறந்து பாருங்கள். இந்த வாரக் கணக்கின்படி 150 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத் துவரம்பருப்பு, 200 கிராம் கொண்டைக்கடலை, பாதிப் பீஹூன், கொஞ்சம் வெங்காயம் மீதி இருக்கும். கடலை ஒரு வேளைக்குப் போதும். அதனால் அடுத்த வாரம் கடலைக்குப் பதில் பச்சைப்பயறு வாங்கலாம். வியாழக்கிழமைப் பீஹூனுக்குப் பொட்டலம் வாங்க வேண்டாம்.